சொல்லிக் கொடுப்பதா, கண்டுபிடிக்க விடுவதா? புதியவருக்கு ஒரு விடை, தேர்ந்தவருக்கு வேறு விடை

இந்தியாவின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்ற கருத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலக் கல்வித்துறை ஆசிரியர்களுக்காக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல், படிப்படியாக, முழுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டுமே அரசு சார்ந்த ஆவணங்கள். இரண்டுமே ஆய்வை ஆதாரமாகக் காட்டுகின்றன. இரண்டையும் படிக்கும் ஆசிரியர் குழம்புவது நியாயம்தான்.

இதில் எது நல்ல முறை என்று கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று கேட்டால் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுச் சோதனைகள் அதைத்தான் காட்டுகின்றன.

## முதலில், இரண்டு சொற்கள்

கட்டமைப்புவாதம் என்பது கற்றல் எப்படி நடக்கிறது என்பது பற்றிய ஒரு கொள்கை. ஆசிரியரின் தலையில் இருப்பது அப்படியே மாணவர் தலைக்குள் போய் உட்காருவதில்லை. கேட்டதையும் பார்த்ததையும் ஏற்கெனவே தெரிந்தவற்றோடு பொருத்தி, அவரவர் தமக்கான புரிதலைக் கட்டிக்கொள்கிறார்கள். பியாஜே, வைகோட்ஸ்கி போன்ற உளவியலாளர்கள் என்று இதற்குப் பெரிய பரம்பரை உண்டு. இதை இன்று மறுப்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. "மாணவர் தானே கட்டிக்கொள்கிறார், ஆகவே ஆசிரியர் சொல்லக் கூடாது, மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்" என்று பலர் தாவிவிட்டார்கள். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியம் பிறக்காது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004-ல் எழுதிய கட்டுரை இந்தத் தாவலைத்தான் குறிவைத்தது. 1960-கள், 70-கள், 80-கள் என மூன்று பத்தாண்டுகளில், வழிகாட்டல் இல்லாத கண்டுபிடிப்பு முறை ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் வந்து, வழிகாட்டப்பட்ட கற்றலிடம் தோற்றுப்போனதை அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். ஒரு குழந்தை கையால் எதையோ அடுக்கிக்கொண்டிருக்கலாம், மனம் சும்மா இருக்கும். இன்னொரு குழந்தை அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம், உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும்.

நேரடிக் கற்பித்தல் என்றதும் ஒரு மணி நேரம் ஓயாமல் பேசும் ஆசிரியர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அதுவும் தவறான படம். சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்வது, செய்து காட்டுவது, உடனே கேள்வி கேட்டுச் சரிபார்ப்பது, கூட இருந்து செய்ய வைப்பது, பிறகு தனியே செய்ய விடுவது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அது. கேள்வியே கேட்காமல் பாடம் நடத்திவிட்டுப் போவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

## ஏன் புதியவருக்குச் சிரமம்?

2006-ல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குறைந்த வழிகாட்டலோடு கற்பிப்பது ஏன் பலிப்பதில்லை என்பதுதான் அதன் தலைப்பின் சாரமே. கல்வி உளவியலில் அந்த அளவுக்குச் சண்டையைக் கிளப்பிய கட்டுரைகள் குறைவு. அவர்களது வாதம் நினைவாற்றலின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது:

1. நாம் இந்த நொடியில் யோசிக்கும் விஷயங்களைத் தாங்கும் இடம் செயல் நினைவு. அது மிகச் சிறியது. புதிய தகவல் என்றால் ஏறக்குறைய நான்கு துணுக்குகளுக்கு மேல் அங்கே நிற்காது. காகிதம் இல்லாமல் 47 × 36 போட்டுப் பாருங்கள். பெருக்கல் தெரியாமல் தடுமாறுவதில்லை. இடையில் வந்த எண்களைப் பிடித்து வைக்க முடியாமல்தான் தடுமாறுகிறோம்.

2. கற்றுத் தங்கியவை இருக்கும் இடம் நீண்டகால நினைவு. அதற்கு இப்படியொரு எல்லை இருப்பதாகத் தெரியவில்லை. அங்கே அறிவு தனித்தனியாகக் கிடப்பதில்லை; ஒன்றோடொன்று கோத்த தொகுப்புகளாக இருக்கிறது. உளவியலில் இதை ஸ்கீமா என்பார்கள்.

3. நீண்டகால நினைவிலிருந்து ஒரு ஸ்கீமா எழுந்து வரும்போது, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், செயல் நினைவில் ஒரே துணுக்காகவே இடம் பிடிக்கிறது. தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

மூன்றாவது புள்ளிக்குச் சதுரங்கம் நல்ல சான்று. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பலகையை 5 விநாடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியான கட்டங்களில் திரும்ப வைத்தார். தொடக்க நிலை ஆட்டக்காரர் 4 காய்கள். அப்புறம் அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை மறைந்துவிட்டது. அவருக்கு அபார நினைவாற்றல் எதுவும் இல்லை; ஆயிரக்கணக்கான ஆட்ட அமைப்புகள் அவருக்கு முகம் தெரிந்தவை, அவ்வளவுதான்.

ஆக, "வல்லுநர்கள் ஆராய்ந்து, கேள்வி கேட்டுத்தான் அறிகிறார்கள், மாணவர்களும் குட்டி விஞ்ஞானிகள்போல அப்படியே கற்கட்டும்" என்ற வாதம் இங்கே தட்டிப்போகிறது. விஞ்ஞானி ஆராய்வது அவர் நினைவில் இருக்கும் பெரும் தொகுப்பை வைத்துக்கொண்டு. மாணவரிடம் அந்தத் தொகுப்பு இன்னும் இல்லை.

## விடை வந்தது, பாடம் வரவில்லை

"தானே போராடி விடை கண்டால் மனதில் நிற்கும்" என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்வெல்லர் இந்த ஆராய்ச்சிக்குள் வந்ததே அந்த நம்பிக்கை உடைந்த ஒரு சோதனையால்தான். 1980-களின் தொடக்கத்தில் சிட்னியில், நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு புதிர் கொடுத்தார். ஓர் எண்ணை இன்னோர் எண்ணாக மாற்ற வேண்டும். இரண்டே செயல்களுக்குத்தான் அனுமதி: 3-ஆல் பெருக்கலாம், அல்லது 29-ஐக் கழிக்கலாம்.

15-ஐ 19 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

15 × 3 = 45
45 − 29 = 16
16 × 3 = 48
48 − 29 = 19

மாணவர்கள் புதிர்களைத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் எல்லாப் புதிர்களும் ஒரே விதியில் அமைந்தவை: பெருக்கு, கழி, பெருக்கு, கழி. அந்த விதியை மிகச் சிலர்தான் கவனித்தார்கள். மற்றவர்களின் கவனம் முழுக்கச் சேர வேண்டிய எண்ணிலேயே இருந்தது. இப்போது கையில் இருக்கும் எண் என்ன, சேர வேண்டியது என்ன, இடைவெளி எவ்வளவு, எந்தச் செயல் அதைக் குறைக்கும்? இந்தக் கேள்விகளே செயல் நினைவை நிரப்பிவிட்டன. எந்த வரிசையில் செய்தோம் என்று திரும்பிப் பார்க்க இடமில்லை.

கணக்கைத் தீர்ப்பது ஒரு வேலை, கணக்கிலிருந்து கற்பது வேறொரு வேலை. இரண்டும் ஒரே சிறிய இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பிற்பாடு அறிதிறன் சுமைக் கோட்பாடு என்று பெயர் பெற்றதற்கு வேர் இந்தச் சிறிய புதிர்தான்.

பள்ளிக் கணக்கிலும் இதே கதை. இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

3(2x − 1) + 4 = 19

சமன்பாட்டை இப்போதுதான் தொட்டிருக்கும் ஒரு மாணவரிடம் "நீயே வழி கண்டுபிடி" என்றால் என்ன செய்வார்? x-க்கு 1 போட்டுப் பார்ப்பார், 7 வரும். 2 போட்டால் 13. 3 போட்டால் 19. விடை சரி! மாணவருக்கு மகிழ்ச்சி, ஆசிரியருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் சமமாக வைத்தபடி x-ஐத் தனியே பிரிப்பது என்ற பாடத்தில் ஓர் எழுத்துகூட உள்ளே போகவில்லை. விடை 3 என்பதற்குப் பதில் 7/4 என்று வரும் கணக்கு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வழிகாட்டல் இல்லாத வகுப்பில் தவறான விடையைவிட இந்த மாதிரிச் சரியான விடைதான் ஆபத்து என்பேன். தவறான விடையை யாராவது கவனிப்பார்கள்.

## தீர்த்துக் காட்டிய கணக்கு

இதற்கு ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் சோதித்த மாற்று மிக எளிது. ஒரு குழுவுக்கு இயற்கணிதக் கணக்குகளை அப்படியே கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கைப் படிக்கக் கொடுத்து, உடனே அதே மாதிரி ஒரு கணக்கைச் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் குழு குறைந்த நேரத்தில் கற்றது. அதே வகைக் கணக்குகள் தேர்வில் வந்தபோது வேகமாகவும் குறைந்த பிழைகளோடும் செய்தது. மாறுபட்ட கணக்குகளில் அந்தச் சோதனை பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கூடுதல் பயிற்சி தேவைப்பட்டது என்பது பிந்தைய ஆய்வில் தெரிந்தது.

நம் கணக்குப் புத்தகங்களில் "எடுத்துக்காட்டு", "தீர்வு" என்று வருவது இதேதான். வேறுபாடு அடுக்கியிருக்கும் முறையில். புத்தகத்தில் பல எடுத்துக்காட்டுகள் ஒன்றாக வந்து, பிறகு "பயிற்சி" என்று நீண்ட பட்டியல் வரும். சோதனையில் ஓர் எடுத்துக்காட்டு, உடனே ஒரு கணக்கு, அடுத்த எடுத்துக்காட்டு, அடுத்த கணக்கு என்று இணை இணையாக வந்தன. அடுத்து இதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்து படிக்கிறவர் கவனத்தோடு படிக்கிறார். பட்டியலில் பத்தாவது கணக்குக்கு வரும்போது முதல் எடுத்துக்காட்டு மறந்தே போயிருக்கும்.

இந்த முறை கெடும் வழியும் தெரிந்ததுதான்: மாணவர் கண்ணை ஓட்டிவிட்டு "புரிந்தது" என்று சொல்லிவிடுவார். மிஷலின் சி குழுவினர் 1989-ல் இயற்பியல் எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தபோது, நன்றாகக் கற்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்று "இது எங்கிருந்து வந்தது?" என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டார்கள். மேலே சொன்ன சமன்பாட்டில் 6x − 3 + 4 = 19 என்ற வரி வந்ததும், "3 ஏன் −1-ஐயும் பெருக்கியது?" என்று மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காதவர் அடுத்த கணக்கில் 6x − 1 என்று எழுதுவார். கட்டமைப்புவாதம் சொல்லும் "கட்டுதல்" நடக்கும் இடம் இதுதான். ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததால் அது தடைபடவில்லை.

## தலைகீழாகும் இடம்

இதுவரை படித்தவர், சரி, நேரடிக் கற்பித்தல்தான் வென்றது என்று நினைக்கலாம். அதே ஸ்வெல்லரின் குழுவிலிருந்தே மறுபக்கமும் வந்தது.

ஸ்லாவா கல்யுகா, தொழிற்பயிற்சி பெறுபவர்களை வைத்து 1990-களின் இறுதியில் தொடர்ச்சியாகச் சோதனைகள் நடத்தினார். மின்சுற்று வரைபடங்களில் புதியவர்களுக்கு, படத்துக்குள்ளேயே விளக்கம் எழுதியிருந்தது நன்றாக உதவியது. தீவிரப் பயிற்சிக்குப் பிறகு அதே ஆட்களுக்கு விளக்கம் இல்லாத வெறும் படமே மேலாக இருந்தது. 2001-ல் வெளியான இன்னோர் ஆய்வு ரிலே சுற்றுகளுக்கு நிரல் எழுதுவது பற்றியது. தொடக்கத்தில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் முந்தின. பயிற்சி ஏற ஏற இடைவெளி சுருங்கி, கடைசியில் தாமே நிரல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இதற்கு தேர்ச்சி தலைகீழ் விளைவு என்று பெயர்.

வேண்டாத விளக்கத்தைத் தேர்ந்தவர் தாண்டிப் போய்விடலாமே, ஏன் அது கெடுக்க வேண்டும்? மறுபடி அந்தச் சமன்பாட்டைப் பார்ப்போம். எடுத்துக்காட்டு இப்படிப் போகிறது:

6x − 3 + 4 = 19
6x + 1 = 19
6x = 18
x = 3

தேர்ந்த மாணவர் கணக்கைப் பார்த்த கணமே வேறு வழி கண்டிருப்பார். 19-லிருந்து 4 போனால் 15; 15-ஐ 3 வகுக்கும், 5; ஆக 2x = 6. அடைப்பை விரிக்கவே தேவையில்லை. இப்போது அவர்முன் நான்கு வரித் தீர்வை வைத்துப் "படி" என்றால், அவர் தன் வழியை நிறுத்தி, அந்த வழியைப் பின்தொடர்ந்து, இரண்டும் ஒன்றுதானா என்று பொருத்திப் பார்க்கிறார். புதியவருக்குச் சுமையைக் குறைத்த அதே நான்கு வரிகள் இவருக்குச் சுமையைக் கூட்டுகின்றன. அச்சிட்டு முன்னால் வைத்திருப்பதைப் படிக்காமல் இருப்பதும் அவ்வளவு எளிதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "தேர்ந்தவர்" என்பது ஆளைக் குறிக்கும் சொல் இல்லை, அந்தத் தலைப்பில் அந்த ஆளைக் குறிக்கும் சொல். ஒருபடிச் சமன்பாட்டில் தேர்ந்தவர், அடுத்த வாரம் இருபடிச் சமன்பாட்டில் புதியவர். "கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிப்பு, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தல்" என்று ஆண்டு முழுவதற்கும் பிரித்துவிடுவது இந்த ஆய்வுகளைத் தப்பாகப் படிப்பது.

## கையை எப்போது விடுவது?

இரண்டு கருவிகள் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

1. கடைசி அடியிலிருந்து மறைத்தல். அலெக்சாண்டர் ரென்கல், ராபர்ட் அட்கின்சன் ஆகியோர் முன்வைத்தது. முதலில் முழுத் தீர்வு. அடுத்த கணக்கில் 6x = 18 வரை கொடுத்து, கடைசி வரியை மாணவர் எழுத வேண்டும். அதற்கடுத்ததில் 6x + 1 = 19 வரை மட்டும். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இறுதியில் வெறும் கணக்கு நிற்கும்.

2. முதல் அடிச் சோதனை. கல்யுகாவும் ஸ்வெல்லரும் 2004-ல் எழுதியது. முழுத் தேர்வு வைக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டி, "நீங்கள் எழுதப்போகும் முதல் வரியை மட்டும் எழுதுங்கள்" என்று சில விநாடிகள் கொடுக்க வேண்டும். எதுவும் எழுதாதவரும், x-க்கு எண்ணைப் போட்டுப் பார்ப்பவரும் எடுத்துக்காட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். 6x − 3 + 4 = 19 என்று எழுதியவர் நடுவில் இருக்கிறார்; அவருக்குப் பாதி மறைத்த கணக்கு. எடுத்ததும் 2x − 1 = 5 என்று எழுதியவருக்கு எடுத்துக்காட்டே வேண்டாம்.

எனக்கு இரண்டாவது மிகவும் பிடித்தது. நாற்பது பேர் வகுப்பில்கூட இரண்டு நிமிடத்தில் முடியும்; யாருக்கு எதைக் கொடுப்பது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். முறை பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடுபவர்கள் பலர் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுவதில்லை.

## மறுதரப்பின் வலுவான வாதங்கள்

கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரின் 2006 கட்டுரைக்கு அடுத்த ஆண்டே பதில்கள் வந்தன. முக்கியமானது சிண்டி ஹ்மெலோ-சில்வர் குழுவினருடையது. பிரச்சினை வழிக் கற்றல் போன்ற முறைகளை "வழிகாட்டல் இல்லாதவை" என்று ஒதுக்குவது தவறு, அவற்றில் ஆசிரியரின் தாங்கல் நிறைய இருக்கிறது என்றார்கள். அது நியாயமான பதில். 2011-ல் 164 ஆய்வுகளைத் தொகுத்த லூயி அல்ஃபியேரி குழுவினரின் பகுப்பாய்வும் இதை ஒட்டியே வந்தது. உதவியற்ற கண்டுபிடிப்பு பின்தங்கியது. தாங்கலோடு கூடிய கண்டுபிடிப்பு மற்ற முறைகளைவிட முன்னே வந்தது.

இன்னும் சுவாரசியமானது, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மனு கபூர் நடத்திய பயனுள்ள தோல்வி ஆய்வுகள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்டவிலக்கம் பற்றிச் சொல்லும் முன்பே, சில விளையாட்டு வீரர்களின் கோல் கணக்கைக் கொடுத்து "இவர்களில் யார் ஆட்டம் சீரானது? அதை அளக்க வழி சொல்லுங்கள்" என்பார்கள். மாணவர்கள் பல வழிகள் போட்டுத் தோற்பார்கள். பிறகு ஆசிரியர் வந்து, அவர்களது வழிகளை எடுத்துவைத்து, சரியான முறையை விளக்குவார். சூத்திரத்தைப் போடுவதில் இவர்களும் முதலிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களும் சமம். கருத்தைப் புரிந்துகொள்வதில் இவர்கள் மேல்.

இது முன்சொன்னதற்கு முரணா? முழுக்க இல்லை. அந்த மாணவர்களுக்குச் சராசரி போன்றவை ஏற்கெனவே தெரியும். முட்டி மோதக் கையில் சரக்கு இருந்தது. தவிர, இறுதியில் தெளிவான விளக்கமும் நேரடியாகவே வந்தது. தொடக்கப்பள்ளி வயதினரிடம் இந்த வரிசை பலன் தரவில்லை என்று கபூரும் தன்மய் சின்ஹாவும் 2021-ல் செய்த தொகுப்பாய்வே காட்டுகிறது. ஆனாலும், "புதியவர் என்றால் எப்போதும் விளக்கம்தான் முதலில்" என்று கறாராகச் சொல்பவர்களுக்கு இது உண்மையான இடறல்தான்.

காலம் இன்னொரு கேள்வி. டேவிட் க்ளார், மிலேனா நிகம் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 3, 4-ஆம் வகுப்புக் குழந்தைகள் 112 பேர் சாய்தளத்தில் பந்து உருட்டினார்கள். ஒரு சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியைக் கற்பதுதான் பாடம். சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் அதில் தேர்ந்தார்கள்; தாமே கண்டுபிடிக்க விடப்பட்டவர்களில் 23 சதவீதம். நேரடிக் கற்பித்தல் ஆதரவாளர்கள் மேடைதோறும் சொல்லும் எண்கள் இவை. ஆனால் டேவிட் டீன், டியானா குன் இருவரும் 2007-ல் இதே விதியை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, ஒருமுறை மட்டும் சொல்லிக் கொடுத்ததன் பலன் நாளடைவில் கரைந்தது. விடாமல் பயிற்சியில் ஈடுபட்ட குழந்தைகளிடம்தான் விதி தங்கியது. இந்தத் துறையின் பெரும்பாலான சோதனைகள் ஒரு மணி நேரமோ ஒரு நாளோ நடந்து, உடனே தேர்வு வைத்து முடிந்தவை. பாடங்களும் கணிதம், இயற்பியல், மின்சுற்று என விடை திட்டவட்டமாக இருப்பவை. கட்டுரை எழுதுவதற்கோ வரலாற்றுச் சான்றை எடைபோடுவதற்கோ எடுத்துக்காட்டை எந்தப் புள்ளியில் விலக்குவது என்று சொல்ல, இயற்கணிதத்தில் இருப்பது போன்ற சோதனைத் தொடர் அங்கே கட்டப்படவில்லை.